கடைக்காரர் அனுப்பிய படத்தில் இருப்பது எந்த மீன்? கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் வகைகளை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அலங்கார மீன் கடைகளுக்குச் சரக்கு பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறது. வந்ததும் கடைக்காரர் வாட்ஸாப்பில் படம் போடுவார். "ரஞ்சு, ஒராண்டா, ஹாஃப்மூன் வந்திருக்கு, வேணும்னா சொல்லுங்க" என்று ஒரு வரியும் இருக்கும். பண்ணையில் வைத்த பெயர் மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, கடைப் பையன் என்று கை மாறி வருவதற்குள் பல நேரம் வேறு பெயராகிவிடுகிறது. ஆனால் விலை அந்தப் பெயரை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. எனக்கு வந்து சேர்ந்த மீன்களுக்கும் சொன்ன பெயர்களுக்கும் ஒத்துப்போகாமல் நிறைய அல்லாடிய பிறகு, இப்போது படம் வந்தால் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது நிறம்தான், ஆனால் ஏமாற்றுவதும் அதுதான். துடுப்பு, வால், செதில், கடைசியாகத்தான் நிறம்.

1. படம் பார்க்கத் தகுந்த படமா?

கடையில் தொட்டிக்கு மேல் நீல எல்.இ.டி. விளக்கு எரிந்தால் சிவப்பு மீன் கறுப்பாகத் தெரியும். சாதாரண நீல ஃபைட்டர் வெள்ளி முலாம் பூசியதுபோல் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்திருக்கும். படத்தில் அது மீன்மேல் உள்ள செதில் மினுமினுப்பு மாதிரியோ, வெள்ளைப்புள்ளி நோய் மாதிரியோ தெரியும். புள்ளி மீனுக்கு வெளியிலும் தொடர்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

உருண்டை பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கவரிலும் மீன் பக்கவாட்டில் இழுபட்டு நீளமாகத் தெரியும். குட்டை உடம்பு மீன்கூட ஒல்லியாகத் தெரியும். ஆகவே உடல்வாகை வைத்துச் சொல்ல வேண்டிய எதையும் கவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். தட்டைக் கண்ணாடித் தொட்டியில் எடுத்த படம்தான் அதற்கு வேண்டும்.

நேரமும் முக்கியம். பார்சல் வந்து இறங்கிய அன்று எந்த மீனும் துடுப்பை மடக்கிக்கொண்டு, நிறம் வெளுத்துத்தான் இருக்கும். ஓரிரு நாள் கழித்து எடுத்த படம் கேளுங்கள். மார்கழி, தை மாதக் காலையில் ஓசூர், கிருஷ்ணகிரி குளிருக்கு ஹீட்டர் இல்லாத பாட்டிலில் இருக்கும் ஃபைட்டர் சுருண்டு கிடக்கும். அதற்கு 25 முதல் 28 டிகிரி வரை சூடு இருந்தால்தான் இயல்பாக இருக்கும். அந்தக் காலத்தில் மதியத்துக்கு மேல் எடுத்த படம் நல்லது.

கோல்டு ஃபிஷ் என்றால் இரண்டு படம் போதும்: நேர் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. ஃபைட்டர் என்றால் படம் போதாது. மீன் வால் விரித்துச் சிலிர்க்கும்போது எடுத்த பத்து வினாடி வீடியோ வேண்டும். ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

2. கோல்டு ஃபிஷ்: முதுகில் துடுப்பு இருக்கிறதா?

இந்த ஒரு கேள்வியில் பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

முதுகுத் துடுப்பே இல்லாமல் முதுகு வழவழவென்று இருந்தால் ரஞ்சு, லயன்ஹெட், பபிள் ஐ, செலஸ்டியல் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கண்ணுக்குக் கீழே தண்ணீர்ப் பை தொங்கினால் பபிள் ஐ. பை இல்லாமல் கண் வெளியே துருத்திக்கொண்டு மேல்நோக்கியே பார்த்தால் செலஸ்டியல். இரண்டையும் குழப்ப வழியில்லை.

குழப்பம் வருவது ரஞ்சுக்கும் லயன்ஹெட்டுக்கும்தான். இரண்டுக்கும் தலையில் சதைக் கொண்டை உண்டு. இரண்டுக்கும் முதுகுத் துடுப்பு கிடையாது. இங்கே கொண்டையைப் பார்க்காதீர்கள், முதுகின் கோட்டைப் பாருங்கள். ரஞ்சுவின் முதுகு வில்லாக வளைந்து போய், வாலுக்குப் பக்கத்தில் சட்டென்று கீழே இறங்கும். வால் அந்த இறக்கத்தின் முனையில் ஒரு கோணத்தில் தூக்கி நிற்கும். லயன்ஹெட்டின் முதுகு கிட்டத்தட்ட நேராகப் போகும், உடம்பு கொஞ்சம் நீளம், கொண்டை கன்னம் வரை தடித்து வரும். இரண்டையும் கலந்து தாய்லாந்தில் உருவாக்கிய லயன்சு என்று ஒன்றும் சந்தையில் இருக்கிறது. ரஞ்சுவின் முதுகும் லயன்ஹெட்டின் தலையும் அதற்கு. முதுகுக் கோடு தெளிவாகத் தெரியாத படத்தில் இவற்றைப் பிரிக்க முயல வேண்டாம்.

முதுகில் சின்னதாக முள் மாதிரியோ மேடு மாதிரியோ நீட்டிக்கொண்டிருந்தால் அது தரம் குறைந்த ரஞ்சுவாகவோ லயன்ஹெட்டாகவோ இருக்கும். வேறு வகை இல்லை. துடுப்பு அழுகியோ கிழிந்தோ போன ஒராண்டாவும் தூரத்தில் முதுகு மொட்டையாகத் தெரியும். ஆனால் பெரிதாக்கினால் ஒழுங்கில்லாத அடிக்கட்டை தெரியும்.

முதுகுத் துடுப்பு இருந்தால் அடுத்து தலையையும் கண்ணையும் பாருங்கள். தலையில் கொண்டை இருந்தால் ஒராண்டா. உடம்பு வெள்ளை, கொண்டை மட்டும் சிவப்பு என்றால் கடைகளில் ரெட் கேப் என்பார்கள்; அதுவும் ஒராண்டாதான். கண் இரண்டும் பக்கவாட்டில் துருத்தி நின்றால் டெலஸ்கோப். அதில் கறுப்பு என்றால் பிளாக் மூர். கொண்டையும் இல்லை, கண்ணும் சாதாரணம், ஆனால் தலைக்குப் பின்னாலேயே முதுகு திமில்போல் எழும்பினால் ரியுகின். திமிலும் இல்லாமல் முட்டை உடம்பும் இரட்டை வாலும் மட்டும் இருந்தால் ஃபேன்டெயில்.

இதில் ஒரு பொறி: சின்ன மீன். ஒராண்டாவுக்குக் கொண்டை பிறக்கும்போதே வருவதில்லை, சில மாதங்கள் கழித்துத்தான் முளைக்க ஆரம்பிக்கும். பிளாக் மூர் குஞ்சுக்குக் கண்ணும் அப்படித்தான், போகப்போகத்தான் துருத்தும். ஆகவே ஒன்றரை இஞ்ச் மீனைக் காட்டி "ஒராண்டா, கொண்டை வரும்" என்றால், வரலாம், வராமலும் போகலாம். அதற்கு ஃபேன்டெயில் விலைதான் தர வேண்டும் என்பது என் கட்சி.

3. கோல்டு ஃபிஷ்: வால் ஒன்றா இரண்டா?

பக்கவாட்டுப் படத்தில் இரட்டை வாலின் ஒரு பக்கம் மறுபக்கத்தை மறைத்துவிடும். அதனால்தான் மேலிருந்து எடுத்த படம் கேட்கச் சொன்னேன். மேலிருந்து பார்த்தால் ஒற்றை வால் ஒரே கோடாகத் தெரியும். இரட்டை வால் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும்.

ஒற்றை வால், நீள உடம்பு என்றால் சாதாரண கோல்டு ஃபிஷ், காமெட், ஷுபன்கின் என்ற மூன்றில் ஒன்று. வால் நீண்டு ஆழமாகப் பிளந்திருந்தால் காமெட். கலவைச் செதிலும் பல நிறத் திட்டுகளும் இருந்தால் ஷுபன்கின். புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: இவை வேகமாக நீந்தும், நன்றாக வளரும்; இரண்டடித் தொட்டிக்கு ஆகாது. உருண்டைக் கோல்டு ஃபிஷ்களோடு ஒன்றாக விட்டால் தீனி முழுக்க இவைதான் தின்னும்.

இரட்டை வாலில், மேலிருந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் விரிந்திருந்தால் பட்டர்ஃபிளை. பெரும்பாலும் டெலஸ்கோப் கண்ணோடு வரும். பக்கவாட்டுப் படத்தில் இது சாதாரண டெலஸ்கோப் மாதிரிதான் தெரியும். பட்டர்ஃபிளை விலை சொன்னால் மேல்படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்.

4. கோல்டு ஃபிஷ்: செதில்

செதிலுக்கு மினுமினுப்புத் தருவது குவானின் என்ற பொருள். அது எல்லாச் செதிலிலும் இருந்தால் மீன் உலோகம்போல் பளபளக்கும்; இதை மெட்டாலிக் என்பார்கள். எதிலுமே இல்லாவிட்டால் தோல் மங்கலாக, கொஞ்சம் ரோஸ் ஓடித் தெரியும், இது மேட். ஆங்காங்கே மட்டும் இருந்தால் நேக்ரியஸ். கடைகளில் காலிகோ என்று விற்கும் மீன்கள் இந்தக் கடைசி வகை.

படம் மங்கலாக இருந்தால் செதிலைப் பார்க்க முடியாது. அப்போது கண்ணைப் பாருங்கள். மெட்டாலிக் மீனின் கருவிழியைச் சுற்றிப் பொன்னோ வெள்ளியோ ஒரு பளபள வளையம் இருக்கும். வளையம் இல்லாமல் கண் முழுக்கக் கறுப்புப் பொத்தானாக இருந்தால் நேக்ரியஸ் அல்லது மேட். நேக்ரியஸ் மீனுக்கு ஒரு கண் வளையத்தோடும் மறு கண் கறுப்பாகவும்கூட இருக்கும். மங்கலான படத்தில் நான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது இந்தக் கண்ணைத்தான்.

இனி மூன்றையும் சேர்த்தால் பெயர் தானாக வந்துவிடும். இரட்டை வால், திமில், நேக்ரியஸ் என்றால் காலிகோ ரியுகின். அதே நிறத் திட்டுகள் ஒற்றை வால் நீள உடம்பில் வந்தால் ஷுபன்கின். நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மீன்.

பேர்ல்ஸ்கேல் தனி விஷயம். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகக் குமிழ்போல் மேடிட்டிருக்கும்; உடம்பு பந்து மாதிரி. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது நீர்க்கோவை வந்த மீன். அதற்கும் வயிறு வீங்கியிருக்கும், செதில் தூக்கி நிற்கும். ஆனால் பேர்ல்ஸ்கேலில் செதிலின் நடுப்பகுதிதான் மேடு. ஓரம் உடம்போடு ஒட்டியிருக்கும். நோய் மீனில் செதிலின் ஓரம்தான் வெளியே பிரிந்து நிற்கும், மேலிருந்து பார்த்தால் உடம்பு முழுக்க முள்ளாகத் தெரியும். அப்படி ஒரு மீனைப் "பேர்ல்" என்று விற்றால், அந்த மீனை மட்டுமில்லை, அந்தத் தொட்டியில் எதையுமே வாங்க வேண்டாம்.

5. ஃபைட்டர்: வால் விரியும்போது மட்டும் பெயர் சொல்லுங்கள்

சும்மா மிதந்துகொண்டிருக்கும் ஃபைட்டருக்கு ஹாஃப்மூன் என்றும் சொல்லலாம், சூப்பர் டெல்டா என்றும் சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது. வித்தியாசம் முழு விரிப்பில்தான். கடைக்காரரிடம் பாட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடியோ இன்னொரு ஆண் மீனோ வைக்கச் சொல்லுங்கள். மீன் செவுளைத் தூக்கிக்கொண்டு சிலிர்க்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மீன் களைத்துவிடும்.

வீடியோவில் வால் முழுதாக விரிந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாலின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் சேர்ந்து ஒரே நேர்கோடாக நின்றால், அதாவது 180 டிகிரி என்றால், ஹாஃப்மூன். ஒரு காகிதத்தின் நேர் விளிம்பைத் திரையில் வைத்துப் பார்த்தாலே போதும். அதற்குக் கொஞ்சம் குறைவாக, 120க்கு மேல் இருந்தால் சூப்பர் டெல்டா; அதற்கும் குறைந்தால் டெல்டா. 180ஐத் தாண்டி ஓரங்கள் முன்னால் வளைந்தால் ஓவர் ஹாஃப்மூன்.

மீன் நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்பதைக் கறாராகப் பாருங்கள். மீன் கொஞ்சம் திரும்பி நின்றால் நீளவாக்கு சுருங்கும், உயரம் சுருங்காது. அதனால் கோணம் உண்மையைவிட அகலமாகத் தெரியும், சூப்பர் டெல்டா ஹாஃப்மூன் வேஷம் போட்டுவிடும். உருண்டை பாட்டிலில் இதற்கு நேர்மாறு: நீளவாக்கு இழுபடுவதால் கோணம் குறைந்து தெரியும். ஆனால் உண்மையான ஹாஃப்மூனின் நேர்கோடு பாட்டிலிலும் நேர்கோடாகத்தான் இருக்கும்.

வெயில்டெயிலுக்கு அளவே தேவையில்லை. எவ்வளவு சிலிர்த்தாலும் அதன் வால் கீழே வழிந்துதான் தொங்கும். மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றுபோல் இருக்காது. பார்க்க அழகுதான். எங்கள் பக்கம் நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். அதை ஹாஃப்மூன் என்று இரண்டு மூன்று மடங்கு சொல்வதுதான் கோளாறு.

கிரவுன்டெயிலில் துடுப்பின் கதிர்கள் சவ்வைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கதிர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது சவ்வு இல்லாமல் இருந்தால்தான் கிரவுன்டெயில்; அதற்குக் குறைந்தால் கோம்ப்டெயில். வாலில் மட்டும் பார்த்தால் போதாது. முதுகுத் துடுப்பிலும் அடிவயிற்றுப் பின்துடுப்பிலும் அதே பிளவு ஒரே சீராக இருக்க வேண்டும். பிளவு ஒழுங்கில்லாமல், ஓரம் கறுத்தோ சிவந்தோ இருந்தால் அது துடுப்பு அழுகல்.

டபுள்டெயிலும் இப்படித்தான். வால் அடிக்கட்டையிலிருந்தே இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். உறுதி செய்ய முதுகுத் துடுப்பைப் பாருங்கள். டபுள்டெயிலுக்கு அது வழக்கத்தைவிட மிக அகலமாக இருக்கும். முதுகுத் துடுப்பு குறுகலாக இருந்து வால் மட்டும் பிளந்திருந்தால் எங்கோ மாட்டிக் கிழிந்திருக்கிறது.

6. ஃபைட்டர்: செதில்

டிராகன் என்றால் உடம்பின் செதில்கள் தடிப்பாக, வெள்ளைப் பெயின்ட் அடித்ததுபோல், ஒவ்வொன்றின் ஓரமும் தனியாகத் தெரியும்படி இருக்கும். துடுப்புகள் சிவப்போ வேறு நிறமோ இருக்கலாம். வெறும் நீல மினுமினுப்பு டிராகன் ஆகாது. டிராகன் வாங்கும்போது கண்ணைக் கட்டாயம் பாருங்கள். அந்தத் தடித்த படலம் சில மீன்களுக்குக் கண்மேலும் வளர்ந்து பார்வையை மறைத்துவிடும். கடையில் "டைமண்ட் ஐ" என்று அதையே அழகாகச் சொல்வார்கள்.

கோய், மார்பிள் என்று வருபவற்றின் நிறத் திட்டு நிலையானதில்லை. இன்று சிவப்பும் வெள்ளையுமாக இருப்பது சில மாதத்தில் கறுப்பு ஏறியும் போகலாம். வால் வடிவத்துக்குப் பணம் கொடுங்கள், திட்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

7. ஒரு படத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு கடைப் படத்தை எடுத்துக்கொள்வோம். மேல் தட்டில் கோல்டு ஃபிஷ் தொட்டி, கீழே வரிசையாக ஃபைட்டர் பாட்டில்கள். நான்கு மீன், நான்கு பெயர்.

முதலாவது "ரஞ்சு". முதுகுத் துடுப்பு இல்லை, இதுவரை சரி. ஆனால் முதுகு நேராகப் போய், வாலும் அதே கோட்டில் தொடர்கிறது. வாலுக்கு முன் அந்த இறக்கமே இல்லை. கொண்டை கன்னம் வரை தடித்திருக்கிறது. இது லயன்ஹெட்.

இரண்டாவது "காலிகோ ஒராண்டா". முதுகுத் துடுப்பு உண்டு, வால் இரட்டை, கண் கறுப்புப் பொத்தான்; ஆக காலிகோ என்பது சரி. கொண்டை இல்லை. இரண்டு இஞ்ச் மீன்தான், இனிமேல் கொண்டை வரும் என்று சொல்லலாமா? முகம் கூராக இருக்கிறது, தலைக்குப் பின்னாலேயே திமில் எழும்பிவிட்டது. இது காலிகோ ரியுகின். கொண்டைக்காகக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது "ஹாஃப்மூன்". படத்தில் கொஞ்சம் திரும்பி நிற்கிறது, வால் ஏறத்தாழ நேர்கோடு. வீடியோ வாங்கி, நேர் பக்கவாட்டில் நிறுத்திக் காகிதம் வைத்தால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் காகிதத்திலிருந்து நன்றாகப் பின்வாங்குகின்றன. சூப்பர் டெல்டா.

நான்காவதுதான் முக்கியம். குட்டை வால், "பெண்" என்று போட்டிருக்கிறது. ஆனால் நெஞ்சுக்குக் கீழே தொங்கும் இரண்டு வயிற்றுத் துடுப்புகளும் நீளமாக இருக்கின்றன. பின்துடுப்பின் கடைசி முனை கூராக நீண்டிருக்கிறது. சிலிர்த்தால் செவுளுக்குக் கீழே தாடி பெரிதாக விரிகிறது. வயிற்றடியில் பெண் மீனுக்கு இருக்கும் வெள்ளைப் புள்ளி இல்லை. இது ஆண் பிளாக்காட். குட்டை வால் அந்த வகையின் இயல்பு. பெண் என்று நம்பி வீட்டு ஆண் மீனோடு விட்டிருந்தால் காலைக்குள் ஒன்று செத்திருக்கும்.

8. பணம் அனுப்பும் முன்னும் பின்னும்

விலை பேசும்போது "இது ரஞ்சு இல்லை" என்று வாதாட வேண்டாம். "முதுகு நேரா இருக்கு அண்ணா, லயன்ஹெட் விலைக்குத் தர்றீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அவருக்கும் அந்தப் பெயர் மேலிருந்து வந்ததுதான்.

பில் கேளுங்கள். அச்சடித்த பில் இல்லாவிட்டால் வாட்ஸாப்பில் எழுதித்தரச் சொன்னாலும் போதும். அதில் "ஃபைட்டர் 1" என்று இருக்கக் கூடாது. "ஃபைட்டர், ஆண், ஹாஃப்மூன், நீலம்" என்று வால் வகையும் பாலும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த மீனின் படத்தையும் அதே செய்தியில் இணைக்கச் சொல்லுங்கள். பஸ் பார்சல் கூலி, பேக்கிங் யார் பொறுப்பு, செத்து வந்தால் என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பேக்கிங்குக்கு முந்தின நாள் தீனி நிறுத்தச் சொல்வது நல்லது. கவர் தண்ணீர் கெடாது.

பார்சல் வந்ததும் கவரைப் பிரிக்காமலேயே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய படத்தோடு ஒப்பிடும்போது உடம்பின் நீளத்தைப் பார்க்காதீர்கள், கவர் அதை மாற்றிக் காட்டும். முதுகுத் துடுப்பு, வால் பிரிவு, கண் வளையம் இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிறம் வெளுத்திருந்தால் அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு நாள் பொறுத்து, மீன் தீனி எடுக்க ஆரம்பித்த பிறகு, வெள்ளை வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.